ஒன்று அணைந்தாலும் மற்றொன்று: 24 வோல்ட் இரட்டை மின்வழங்கிகளின் அமைப்பும் கண்காணிப்பும்

தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பேனலுக்குள் இருவகை மின்சாரம் ஓடுகிறது. மோட்டார்களையும் ஹீட்டர்களையும் ஓட்டுவது 415 அல்லது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்யும் கருவிகள் ஓடுவது 24 வோல்ட் டி.சி. மின்சாரத்தில். பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி, அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் சென்சார்கள், ரிலேக்கள், சொலினாய்டு வால்வுகள், தொடுதிரை எல்லாம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. தொட்டால் பெரிய அதிர்ச்சி தராத அளவுக்குக் குறைந்த மின்னழுத்தமாகவும், நீளமான கம்பியில் சிறிது இழப்பு ஏற்பட்டாலும் தாங்கும் அளவுக்குப் போதுமானதாகவும் இருப்பதால் 24 வோல்ட் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

இந்த 24 வோல்ட்டைத் தருவது எஸ்.எம்.பி.எஸ். என்று எலக்ட்ரீஷியன்கள் அழைக்கும் மின்வழங்கி. அது நின்றால் பேனலில் உள்ள அத்தனையும் ஒரே கணத்தில் நின்றுவிடும். அதனால், நிற்கக் கூடாத இடங்களில் ஒன்றுக்கு இரண்டாக மின்வழங்கிகளை வைத்து, இரண்டையும் டையோடுகள் வழியாக ஒரே தடத்தில் இணைத்து, அந்தத் தடத்தைக் கண்காணிக்கிறார்கள். இரண்டு பெட்டிகளை வாங்கி மாட்டுவது எளிது. அவற்றில் ஒன்று செத்துவிட்டது என்பது உரிய நேரத்தில் தெரியவருமாறு அமைப்பதுதான் கடினம். முழு அமைப்பின் பயனும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

ஒரு கொதிகலன் பேனல்

எரிவாயுவில் இயங்கும் நீராவிக் கொதிகலன் ஒன்றின் பேனலை எடுத்துக்கொள்ளலாம். அதில் பி.எல்.சி.யும் அதன் துணை மாட்யூல்களும் 3 ஆம்பியர் எடுக்கின்றன. தொடுதிரைக்கு 1 ஆம்பியர், சென்சார்களுக்கு 2 ஆம்பியர், ரிலேக்களுக்கு 2 ஆம்பியர், சொலினாய்டு வால்வுகளுக்கு 6 ஆம்பியர். மொத்தம் 14 ஆம்பியர். அதாவது 336 வாட்.

24 வோல்ட் போய்விட்டால் இந்தக் கொதிகலன் வெடித்துவிடாது. எரிவாயு வால்வுகள், மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே திறந்திருக்கும்படி அமைக்கப்பட்டவை. மின்சாரம் போனதும் ஸ்பிரிங் அவற்றை மூடிவிடும். ஆகவே இங்கே இரட்டை மின்வழங்கி வைப்பது வேலை தடைபடாமல் நடப்பதற்காகத்தான். பாதுகாப்பை அந்த ஸ்பிரிங் பார்த்துக்கொள்கிறது. ஆனால் சுடர் ஒருமுறை அணைந்தால், உலைக்குள் தங்கிய வாயுவைக் காற்றால் ஊதி வெளியேற்றி, மறுபடி பற்றவைத்து, அழுத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அந்த நீராவியை நம்பிய இயந்திரங்கள் அனைத்தும் காத்துக் கிடக்கும்.

இந்தப் பேனலில் 20 ஆம்பியர் திறனுள்ள இரண்டு மின்வழங்கிகள் இருப்பதாகக் கொள்வோம். இங்கே முதல் விதி ஒன்று உண்டு. இரண்டில் எந்த ஒன்றும் தனியாக நின்றே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். 14 ஆம்பியர் சுமைக்குத் தலா 10 ஆம்பியர் கொண்ட இரண்டை வைத்தால் மொத்தத் திறன் 20 ஆம்பியர் ஆகும், ஆனால் அது மாற்று ஏற்பாடு ஆகாது. ஒன்று போனதும் மற்றதும் விழுந்துவிடும்.

டையோடு ஏன் வேண்டும்

இரண்டு மின்வழங்கிகளின் பிளஸ் முனைகளை நேரடியாகச் சேர்த்து முறுக்கிவிட்டாலும் 24 வோல்ட் வரத்தான் செய்யும். ஒன்று அமைதியாகச் செத்துப்போனால் மற்றது தொடரவும் கூடும். சிக்கல், அது எப்படிச் சாகிறது என்பதில் இருக்கிறது. மின்வழங்கியின் வெளியீட்டுப் பக்கத்தில் உள்ள ரெக்டிஃபையரோ கெப்பாசிட்டரோ ஷார்ட் ஆகிவிட்டால், அந்தப் பெட்டி பொதுத் தடத்தின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே ஒரு கம்பியை வைத்ததுபோல் ஆகிவிடும். நல்ல நிலையில் உள்ள மின்வழங்கி தரும் மின்சாரம் அத்தனையும் கெட்டதற்குள் பாயும். தடத்தின் மின்னழுத்தம் சரிந்து பேனல் நின்றுவிடும். ஒன்றின் நோய் மற்றதையும் கொல்கிறது.

டையோடு என்பது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம். இரண்டு பம்புகள் ஒரே குழாயில் தண்ணீர் ஏற்றும் இடத்தில், ஒவ்வொரு பம்புக்கும் பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு போடுவார்கள். ஒரு பம்பு நின்றால், மற்றது ஏற்றும் தண்ணீர் அதன் வழியாகக் கிணற்றுக்கே திரும்பிவிடாமல் அந்த வால்வு தடுக்கிறது. டையோடும் அதையே செய்கிறது. ஒவ்வொரு மின்வழங்கியின் பிளஸ் முனைக்கும் பொதுத் தடத்துக்கும் நடுவே ஒரு டையோடு இருந்தால், மின்சாரம் மின்வழங்கியிலிருந்து தடத்துக்குப் போகும். தடத்திலிருந்து மின்வழங்கிக்குத் திரும்பாது. ஒரு பெட்டி ஷார்ட் ஆனாலும் அந்தப் பெட்டி மட்டுமே பாதிக்கப்படும்.

இன்னொரு பயனும் உண்டு. மின்வழங்கிகளின் முகப்பில் பச்சை விளக்கும், அதனுடன் இணைந்த ஒரு ரிலே முனையும் இருக்கும். வெளியீட்டு முனையில் போதுமான வோல்ட் இருந்தால் விளக்கு எரியும், ரிலே மூடியிருக்கும். டையோடு இல்லாமல் நேரடியாக இணைத்தால், ஒரு மின்வழங்கி செத்துப்போன பிறகும் மற்றது தரும் 24 வோல்ட் அதன் முனைக்குப் பின்பக்கமாக வந்து சேரும். பல மாடல்களில் அந்த வோல்ட்டை வைத்தே செத்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பெட்டிகளைப் பிரித்து வைப்பதால்தான் எது உயிரோடு இருக்கிறது என்பதைத் தனித்தனியே அறிய முடிகிறது.

டையோடு வாங்கும் கூலி

டையோடு சும்மா வேலை செய்வதில்லை. தன் வழியே போகும் மின்சாரத்தில் கொஞ்சம் வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. சாதாரண சிலிக்கன் டையோடு சுமார் 0.7 முதல் 1 வோல்ட் வரை எடுக்கும். உலோகமும் குறைக்கடத்தியும் சேரும் முறையில் அமைந்த ஷாட்கி டையோடு ஏறத்தாழ 0.5 வோல்ட் எடுக்கும். அதனால் இந்த மாட்யூல்களில் ஷாட்கி வகைதான் வழக்கம்.

கொதிகலன் பேனலில் 14 ஆம்பியர் ஓடுகிறது. 0.5 வோல்ட்டால் பெருக்கினால் 7 வாட் வெப்பம். எண் சிறியதுதான், ஆனால் காற்றோட்டம் குறைந்த பேனலுக்குள் அது ஆண்டு முழுவதும் வெளியாகிக்கொண்டே இருக்கும். ஆகவே டையோடு மாட்யூலுக்கு அலுமினியத் துடுப்புகளும், மேலும் கீழும் காலி இடமும் வேண்டும். ஷாட்கி டையோடுக்குச் சூட்டில் ஒரு பலவீனமும் உண்டு. சூடு ஏற ஏற, எதிர்த்திசையில் அது கசியவிடும் மின்னோட்டம் கூடும். வழக்கமாக இது மில்லி ஆம்பியர் அளவுதான் என்பதால் தடத்துக்கு ஆபத்து இல்லை. ஆனால் அளவு எடுப்பவரை ஏமாற்றும். கழற்றிவிட்ட வெறும் கம்பியின் முனையில் மல்டிமீட்டரை வைத்தால், டையோடு நன்றாக இருந்தும் பல வோல்ட் காட்டக்கூடும். முனைக்கும் மைனஸுக்கும் இடையே ஒரு சிறு ரெசிஸ்டரை வைத்து அளந்தால் அந்தப் போலி வோல்ட் மறைந்துவிடும்.

வெப்பத்தைக் குறைக்க இப்போது பல மாட்யூல்களில் டையோடுக்குப் பதிலாக மாஸ்ஃபெட் எனப்படும் டிரான்சிஸ்டரை வைக்கிறார்கள். ஒரு சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு மாஸ்ஃபெட்டின் இரு பக்க வோல்ட்டையும் இடைவிடாமல் ஒப்பிடுகிறது. மின்வழங்கிப் பக்கம் உயர்ந்திருந்தால் மாஸ்ஃபெட்டைத் திறந்துவிடும். தடத்துப் பக்கம் உயர்ந்தால் உடனே மூடிவிடும். மாஸ்ஃபெட்டின் தடை 5 மில்லி ஓம் என்று கொண்டால், தலா 7 ஆம்பியர் ஓடும்போது இரண்டிலும் சேர்த்து அரை வாட் வெப்பம்தான் வரும். ஷாட்கியின் 7 வாட்டோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு.

ஆனால் ஷாட்கி டையோடு தன் இயல்பால் மின்சாரத்தைத் தடுக்கிறது. மாஸ்ஃபெட்டுக்கு ஒரு சில்லு கட்டளையிட வேண்டும். அந்தச் சில்லு பழுதானால் மாஸ்ஃபெட் முழுவதும் நின்றுவிடாது. அதன் உடலுக்குள்ளேயே அமைந்த ஒரு சாதாரண டையோடு வழியாக மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அப்போது இழப்பு மில்லி வோல்ட்டிலிருந்து முக்கால் வோல்ட் அளவுக்கு உயரும். அந்த வெப்பத்துக்காக வடிவமைக்கப்படாத மாட்யூல் சுடத் தொடங்கும். இரண்டு மாஸ்ஃபெட்களில் ஒன்று மட்டும் சூடாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சுமையைப் பங்கிடுதல்

டையோடுகள் வழியே இரண்டு மின்வழங்கிகளை இணைத்தால் சுமை தானாகப் பாதிப்பாதியாகப் பிரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. எதன் வோல்ட் சற்று உயர்ந்திருக்கிறதோ அதுதான் பெரும்பகுதிச் சுமையையும் சுமக்கும். 24.5 வோல்ட்டில் ஒன்றும் 24.1 வோல்ட்டில் மற்றொன்றும் இருந்தால், முதலாவது மட்டுமே வேலை செய்யும், இரண்டாவது சும்மா நிற்கும்.

இதனால் உடனடியாக எதுவும் கெடாது. ஆனால் நாளடைவில் இரண்டு தீமைகள் விளையும். முழுச் சுமையைச் சுமப்பது அதிகமாகச் சூடாகும். மின்வழங்கிக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் கையாளும் விதி. ஆக, உழைப்பது சீக்கிரம் கிழடு தட்டுகிறது. மறுபக்கம், சும்மா நிற்பது உண்மையில் சுமையைத் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாமலே இருக்கிறது. சுமை இல்லாதபோது அதன் முனையில் 24 வோல்ட் இருக்கும், பச்சை விளக்கும் எரியும். தேவைப்படும் நாளில்தான் அதன் குணம் வெளிப்படும்.

இதற்குத் தீர்வாக, நல்ல மின்வழங்கிகளில் இணை இயக்க முறை என்று ஒன்று இருக்கும். ஒரு சிறு சுவிட்ச் அல்லது இணைப்புத் துண்டு மூலம் அதைத் தேர்ந்தெடுக்கலாம். இந்த முறையில், சுமை ஏற ஏற மின்வழங்கி தன் வோல்ட்டை வேண்டுமென்றே சிறிது இறக்கிக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, சுமை இல்லாதபோது 25 வோல்ட், முழுச் சுமையான 20 ஆம்பியரில் 24 வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று அதிகச் சுமையை எடுத்தால் அதன் வோல்ட் இறங்கும். அதனால் மற்றது கூடுதலாக எடுத்துக்கொள்ளும். இரண்டும் தாமாகவே சமநிலைக்கு வரும்.

இந்தச் சரிவின்படி ஒவ்வொரு ஆம்பியருக்கும் 0.05 வோல்ட் இறங்குகிறது. இரண்டு மின்வழங்கிகளையும் நிறுவும்போது அவற்றின் வோல்ட்டில் 0.1 வோல்ட் வேறுபாடு விடப்பட்டால், அவை எடுக்கும் சுமையில் சுமார் 2 ஆம்பியர் வேறுபாடு இருக்கும். 14 ஆம்பியரில் ஒன்று 8, மற்றது 6 எடுக்கும். இது போதுமான சமநிலை. 0.4 வோல்ட் வேறுபாடு விட்டால் ஒன்று 11, மற்றது 3 எடுக்கும். ஆகவே நிறுவும் நாளில், இரண்டையும் சுமையில்லாமல் தனித்தனியே ஓடவிட்டு, ஒரே மல்டிமீட்டரால் அளந்து, 0.1 வோல்ட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.

எங்கே அளப்பது

இனி கண்காணிப்பு. பொதுத் தடத்தில் ஒரு வோல்ட் காவல் ரிலேயை மாட்டினால் போதும் என்று முதலில் தோன்றும். மேலே சொன்ன எண்களை வைத்தே அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

இரண்டும் ஓடும்போது ஒவ்வொன்றும் 7 ஆம்பியர் எடுக்கிறது. மின்வழங்கி முனையில் 25 வோல்ட்டிலிருந்து 0.35 வோல்ட் இறங்கி 24.65 வோல்ட் இருக்கும். டையோடு 0.45 வோல்ட் எடுத்தால் தடத்தில் 24.2 வோல்ட். இப்போது ஒன்று செத்துவிடுகிறது. மற்றது 14 ஆம்பியரையும் எடுக்கும்போது அதன் முனையில் 24.3 வோல்ட் இருக்கும். டையோடு 0.5 வோல்ட் எடுக்க, தடத்தில் 23.8 வோல்ட் இருக்கும். ஒரு மின்வழங்கி முழுமையாகப் போய்விட்டது. தடத்தில் குறைந்தது வெறும் 0.4 வோல்ட்.

பி.எல்.சி.களுக்கான ஐ.இ.சி. 61131-2 தரநிலை, 24 வோல்ட் மின்சாரம் 15 சதவீதம் குறையலாம், 20 சதவீதம் கூடலாம் என்கிறது. அதாவது 20.4 முதல் 28.8 வோல்ட் வரை. தடக் கண்காணிப்பைப் பொதுவாக இந்தக் கீழ் எல்லைக்குச் சற்று மேலே, 21 வோல்ட்டை ஒட்டி வைப்பார்கள். 23.8 வோல்ட் அந்தக் கண்காணிப்புக்கு முழு ஆரோக்கியம். தடத்தை மட்டும் பார்க்கும் கருவி, முதல் சாவைப் பற்றி எதுவும் சொல்லாது. இரண்டாவது சாவின்போது அது கத்தும், ஆனால் அப்போது பேனலே நின்றுபோயிருக்கும்.

ஆகவே கண்காணிப்பு டையோடுகளுக்கு முன்னால் தொடங்க வேண்டும். ஒவ்வொரு மின்வழங்கியின் முனையிலும் தனித்தனியே வோல்ட் அளக்கப்பட வேண்டும். தடத்தில் மூன்றாவது அளவு. இந்த மூன்றும் வேறுவேறு செய்தி சொல்பவை. முன்னால் உள்ள ஒன்று விழுந்தால், "இன்னும் ஓடுகிறது, ஆனால் மாற்று இல்லை, உடனே சரிசெய்" என்று பொருள். தடம் விழுந்தால், "ஓடவில்லை" என்று பொருள். முதல் செய்திக்குப் பராமரிப்புக் குழு மறுநாள் வந்தாலும் போதும். இரண்டாவதற்கு அந்த நிமிடமே ஆள் வேண்டும். இரண்டையும் ஒரே அலாரத்தில் சேர்த்துவிட்டால் இந்த வேறுபாடு அழிந்துவிடும்.

வோல்ட்டை அளக்கும் சுற்று எளிமையானது. 75 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர்கள் தடத்தின் வோல்ட்டை எட்டரையில் ஒரு பங்காகக் குறைக்கின்றன. அந்தச் சிறு வோல்ட்டை, மாறாத 2.5 வோல்ட் அடையாளத்தோடு ஒரு ஒப்பீட்டுச் சில்லு ஒப்பிடுகிறது. தடம் 21.25 வோல்ட்டுக்குக் கீழே போனால் சில்லின் வெளியீடு மாறும். சரியாக எல்லையில் நிற்கும்போது அலாரம் துடிக்காமலிருக்க, மீளும் எல்லையை அரை வோல்ட் உயர்த்தி வைப்பார்கள். ஒரு பெரிய சொலினாய்டு இழுக்கும் கணத்தில் வரும் மில்லி விநாடிச் சரிவுகளுக்கு அலாரம் அடிக்காமலிருக்கச் சிறு தாமதமும் சேர்ப்பார்கள்.

அலாரம் ரிலே எந்தத் திசையில் வேலை செய்கிறது என்பதும் முக்கியம். எல்லாம் நலமாக இருக்கும்போது ரிலே இழுத்த நிலையில் இருந்து முனை மூடியிருக்க வேண்டும். பழுது வந்தால் அது விழுந்து முனை திறக்க வேண்டும். அப்படி இருந்தால், அலாரக் கம்பி அறுந்தாலும், கண்காணிப்புச் சுற்றே மின்சாரம் இழந்தாலும், அதுவும் பழுதாகவே தெரியும். தலைகீழாக அமைத்தால், அறுந்த கம்பி என்றென்றும் "நலம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

வோல்ட் சொல்லாததை ஆம்பியர் சொல்லும்

மூன்று இடத்தில் வோல்ட் அளந்தாலும் இன்னும் சில பழுதுகள் ஒளிந்துகொள்ளும். டையோடு திறந்த நிலையில் பழுதானதாகக் கொள்வோம். மின்வழங்கி நலமாக இருக்கிறது. முனையில் 25 வோல்ட். பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் அதிலிருந்து ஒரு ஆம்பியர்கூடத் தடத்துக்குப் போகவில்லை. மின்வழங்கிக்கும் மாட்யூலுக்கும் நடுவே உள்ள கம்பி டெர்மினலில் தளர்ந்து கழன்றாலும், முனையிலேயே வோல்ட் அளப்பவருக்கு இதே தோற்றம்தான். மின்னோட்டத்தை அளந்தால் மட்டுமே இது பிடிபடும். 14 ஆம்பியரில் ஒன்று 14, மற்றது 0 என்று காட்டினால் பழுது இருக்கும் பக்கம் தெரிந்துவிடும்.

மின்னோட்ட அளவு பிடிக்கும் மற்றொரு குற்றவாளி, மெல்ல ஊர்ந்து வளரும் சுமை. கொதிகலன் பேனல் 14 ஆம்பியரில் தொடங்கியது. பிறகு வெப்ப மீட்புப் பகுதி ஒன்று சேர்க்கப்படுகிறது. சில வால்வுகள், ஒரு சிறு திரை, சில ஃபேன்கள் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு முறையும் பேனலில் காலி டெர்மினல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து இணைக்கிறார்கள். சுமை 23 ஆம்பியர் ஆகிவிடுகிறது. இரண்டு மின்வழங்கிகளும் தலா 11.5 ஆம்பியர் எடுக்கின்றன. 20 ஆம்பியர் திறனில் அது பாதிக்குச் சற்று மேல்தான். எல்லா வோல்ட்டும் சரி, எல்லா விளக்கும் பச்சை. ஆனால் மாற்று ஏற்பாடு காணாமல் போய்விட்டது.

ஒரு நாள் ஒன்று செத்ததும் மற்றதன் மேல் 23 ஆம்பியரும் விழும். பல மின்வழங்கிகள் சில விநாடிகளுக்குக் கூடுதல் சுமையைத் தாங்கும். அதன் பிறகு மின்னோட்டத்தை வரம்பிட்டு வோல்ட்டை இறக்கும், அல்லது நின்று நின்று எழ முயலும். பி.எல்.சி. எழும், சுமை ஏறும், மறுபடி விழும். வந்து பார்ப்பவர் செத்த மின்வழங்கியைக் கண்டுபிடித்துப் புதியது மாட்டுவார். எல்லாம் சரியாகிவிடும். இருந்த இரண்டாவது ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வி எழாமலே போனால், அடுத்த முறையும் இதேதான் நடக்கும். மொத்த மின்னோட்டம் ஒரு மின்வழங்கியின் திறனைத் தாண்டியதுமே எச்சரிக்கும் மாட்யூல்கள் இதைத் தடுக்கின்றன. அத்தகைய மாட்யூல் இல்லாத பேனலில், எதைச் சேர்த்தாலும் முன்னும் பின்னும் டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரால் மொத்தத்தை அளந்து எழுதி வைப்பதே காப்பு.

கண்காணிப்பின் மதிப்பு, கணக்கில்

கணக்குக்காக, ஒரு மின்வழங்கி சராசரியாக 10 ஆண்டுக்கு ஒருமுறை பழுதாகும் என்று கொள்வோம். ஒன்று மட்டும் இருந்தால், பேனல் சராசரியாக 10 ஆண்டுக்கு ஒருமுறை நிற்கும்.

இரண்டை வைத்துக் கண்காணிக்காமல் விட்டால், இரண்டில் ஏதேனும் ஒன்று சராசரியாக 5 ஆண்டில் சாகும். அது யாருக்கும் தெரியாது. மீதமுள்ளது சராசரியாக இன்னும் 10 ஆண்டு ஓடும். மொத்தம் 15 ஆண்டு. விலை இரு மடங்கு, ஆயுள் ஒன்றரை மடங்கு.

இப்போது கண்காணிப்பைச் சேர்ப்போம். முதல் சாவு அன்றே தெரிந்து, 3 நாளில் புதியது மாட்டப்படுகிறது. பேனல் நிற்க வேண்டுமென்றால் அந்த 3 நாளுக்குள் மற்றதும் சாக வேண்டும். அதன் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. கணக்குப் போட்டால் பேனல் நிற்கும் இடைவெளி சராசரியாக சுமார் 6,000 ஆண்டு என்று வரும். அதே இரண்டு பெட்டிகள், அதே டையோடுகள்; கூடுதலாக வந்தது ஒரு அலாரக் கம்பியும், அதைக் கேட்டு மூன்று நாளில் வரும் ஆளும்தான்.

நடைமுறையில் 6,000 ஆண்டு கிடைக்காது. இந்தக் கணக்கு, இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் பழுதாகும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. இரண்டும் ஒரே எம்.சி.பி.யிலிருந்து மின்சாரம் எடுத்தால், அது விழும்போது இரண்டும் சேர்ந்தே விழும். ஆகவே ஒன்றை யு.பி.எஸ். மின்சாரத்திலும் மற்றதை வேறு ஃபேஸிலும் இணைப்பது வழக்கம். இரண்டும் ஒரே நாளில் வாங்கிய ஒரே வகைப் பெட்டிகளாக, ஒரே சூட்டில் அருகருகே நின்றால், ஏறத்தாழ ஒரே காலத்தில் மூப்படையும். பேனல் வெப்பத்தைக் குறைப்பதும், ஒன்றை முன்கூட்டியே மாற்றுவதும் அதற்கு மருந்து.

டையோடால் முடியாதவை

தடத்துக்கு அப்பால் ஒரு வால்வின் கம்பி ஷார்ட் ஆனால், இரண்டு மின்வழங்கிகளும் சேர்ந்து அந்த ஷார்ட்டுக்கே மின்சாரத்தைக் கொட்டும். தடம் விழும். இங்கே டையோடுகள் எதுவும் செய்ய இயலாது. ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃபியூஸ் அல்லது மின்னணு பிரேக்கர் வைத்து, கெட்ட கிளையை மட்டும் துண்டிப்பதுதான் வழி.

ஒரு மின்வழங்கியின் வோல்ட்டைச் சீராக்கும் சுற்று கெட்டு, வெளியீடு 24-க்குப் பதில் 30 வோல்ட்டுக்கு மேல் ஏறினாலும் டையோடு தடுக்காது. உயர்ந்த வோல்ட்டைத் தடத்துக்கு விடுவதுதான் அதன் இயல்பு. இதற்கு மின்வழங்கிக்குள்ளேயே இருக்கும் மிகையழுத்தக் காப்பைத்தான் நம்ப வேண்டும். கண்காணிப்பும் கீழ் எல்லையோடு மேல் எல்லையையும் பார்க்க வேண்டும்.

டையோடு மாட்யூலும் ஒரே பெட்டிதான் என்பதை மறக்கக் கூடாது. அதன் வெளியீட்டு டெர்மினல் திருகு தளர்ந்தால் இரண்டு மின்வழங்கிகளும் நலமாக இருந்தும் பேனல் நிற்கும். மைனஸ் கம்பியும் அப்படித்தான். இரண்டு மின்வழங்கிகளின் மைனஸையும் ஒரே கம்பியில் சேர்த்துக் கொண்டுபோகாமல், தனித்தனிக் கம்பியாகப் பஸ்பாருக்குக் கொண்டுபோனால் ஒரு தளர்ந்த திருகு முழுவதையும் நிறுத்தாது. மிக முக்கியமான இடங்களில் ஒவ்வொரு மின்வழங்கிக்கும் தனி டையோடு மாட்யூலே வைக்கிறார்கள்.

ஆண்டுச் சோதனை

டையோடு ஷார்ட் ஆகிவிட்டால் எந்த அலாரமும் வராமல் போகலாம். அது வெறும் கம்பியாக மாறி மின்சாரத்தை வழக்கம்போல் கடத்திக்கொண்டிருக்கும். அதைக் கண்டறிய, திட்டமிட்ட நிறுத்த நாளில் செய்யும் சோதனை ஒன்று உண்டு.

முதலில் இரண்டு மின்வழங்கிகளின் வோல்ட்டையும், ஒவ்வொன்றும் தரும் ஆம்பியரையும், தடத்தின் வோல்ட்டையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டின் ஆம்பியரையும் கூட்டினால் ஒன்றின் திறனுக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அங்கேயே நிறுத்தி, சுமையைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து முதல் மின்வழங்கியின் ஏ.சி. பக்க எம்.சி.பி.யை அணைக்க வேண்டும். இப்போது மூன்று விஷயங்கள் நடக்க வேண்டும். தடம் அரை வோல்ட் அளவுக்கு இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். பழுது அலாரம் கட்டுப்பாட்டு அறைக்கே போய்ச் சேர வேண்டும். பேனல் முகப்பில் விளக்கு மாறியது மட்டும் போதாது. அணைந்த மின்வழங்கியின் முனை வோல்ட் சில விநாடிகளில் பூஜ்யத்தை நோக்கி இறங்க வேண்டும். அது தடத்தின் வோல்ட்டிலேயே நின்றால் அந்தப் பக்க டையோடு ஷார்ட் ஆகிவிட்டது என்று அறியலாம்.

இரண்டாவது மின்வழங்கியை அரை மணி நேரம் தனியாக முழுச் சுமையில் ஓடவிட்டு, அதன் சூட்டையும் வோல்ட்டையும் பார்க்க வேண்டும். பிறகு முதலாவதை மறுபடி போட வேண்டும். கெப்பாசிட்டர்கள் உலர்ந்துபோன பழைய மின்வழங்கி, தொடர்ந்து ஓடும்வரை ஓடிக்கொண்டிருந்து, ஒருமுறை அணைத்தால் மறுபடி எழாமல் போவதுண்டு. இந்தச் சோதனையில் அது எழாவிட்டால், நள்ளிரவு மின்தடைக்குப் பிறகு எழாமல் போயிருக்க வேண்டியது பகலில், ஆட்களும் மாற்றுப் பெட்டியும் கையில் இருக்கும்போது தெரிந்துவிட்டது. அதன் பிறகு இதே வரிசையில் இரண்டாவதை அணைத்துச் சோதிக்க வேண்டும்.

முடிவில், கிடைத்த எண்களை முந்தைய ஆண்டின் எண்களோடு ஒப்பிட வேண்டும். சுமைப் பங்கீடு 8-க்கு 6 என்பதிலிருந்து 11-க்கு 3 என்று நகர்ந்திருந்தால், ஏதோ ஒரு மின்வழங்கியின் வோல்ட் நகர்ந்திருக்கிறது அல்லது ஒரு டெர்மினலின் தடை கூடியிருக்கிறது. மொத்த ஆம்பியர் உயர்ந்திருந்தால், யாரோ எதையோ புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டையும் அலாரம் அடிப்பதற்கு முன்பே சரிசெய்துவிடலாம்.